கலைச்சொல் தேவை: கிளஸ்டர் ஃபீடிங், குரோத் ஸ்பர்ட்

மாதவன்:
வணக்கம். புதிதாகப் பெற்றோர் ஆனவர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். சாயங்காலமானால் குழந்தை அரைமணிக்கு ஒருதரம் பால் கேட்பதும், அந்த நாட்களில் இரவுத் தூக்கம் தடம் மாறுவதும் ஓர் அத்தியாயம். கிளஸ்டர் ஃபீடிங்கை ‘தொடர் பாலூட்டல்’ என்றும், குரோத் ஸ்பர்ட்டை ‘வளர்ச்சி வேகம்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒட்டவில்லை.

செல்வி:
‘தொடர்’ வேண்டாம் மாதவன். நாள் முழுக்க விடாமல் குடிப்பதாகத் தாய்மார்கள் எடுத்துக்கொள்வார்கள். பச்சைக்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். அது சீராகப் பிரியாமல், நாலைந்து முறை மாலையில் நெருங்கி விழுகிறது. அதன் பிறகு பல குழந்தைகள் சற்று நீளமாகத் தூங்கும். நெருக்கமும் வேண்டும், முன்பின் இடைவெளியும் வேண்டும். அதனால் ‘கொத்துப் பாலூட்டல்’ என்பேன்.

ராகவன்:
கொத்து என்றால் கோழிதான் நினைவுக்கு வருகிறது! காரணத்தைச் சொல்லும் பெயர் நல்லதில்லையா? மாலையில் தாய்ப்பால் குறைகிறது, குழந்தை ஈடுகட்டுகிறது. ‘ஈடுகட்டும் ஊட்டல்’ என்று வைக்கலாமே. வளர்ச்சி வேகம் 3 வாரம், 6 வாரம், 3 மாதம் என்று கணக்காக வரும். பெயரிலேயே வாரத்தையும் சேர்த்துவிடலாம்.

செல்வி:
பாதி சரி, ராகவன் சார். மாலையில் ஒரு வேளைக்கு வரும் அளவு பலருக்குக் குறைவுதான். கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் பால் வற்றிப்போனதாக அர்த்தமில்லை. மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பின் வேகம் கூடும். குழந்தை அடிக்கடி குடிப்பதே அடுத்த நாட்களுக்கான பாலைக் கேட்டு வைப்பதுதான். ‘ஈடுகட்டும்’ என்று பெயரிலேயே குறை சொன்னால் அம்மா பயந்துபோய்ப் புட்டியை எடுப்பார். அந்த வேளையில் மார்பில் பால் தங்கிவிடும். தங்கினால் சுரப்பு குறையும். பயந்தது கடைசியில் நிஜமாகிவிடும்.

ஜெயா:
அக்கா, பெயர் எதுவானாலும் சரி, எனக்குப் பதில் சொல்லுங்கள். ஆறு வாரக் குழந்தை. நேற்று 6 மணி, 6.40, 7.30, 8.15, 9 என்று குடித்துவிட்டு ஒன்றரை வரை தூங்கினான். அதற்கு முந்தைய இரவு மணிக்கு ஒருதரம் எழுந்தான். பால் போதவில்லையா?

செல்வி:
இந்தத் திரியின் கேள்வி வேறு, ஆனாலும் உன் கணக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஜெயா. கடிகாரத்தை விடு. 24 மணி நேரத்தில் ஈரத்துணி ஆறுக்குக் குறையாமல் இருக்கிறதா? இந்த வயதில் வாரத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் ஏறுகிறதா?

ஜெயா:
துணி ஏழு. போன வாரம் 180 கிராம் ஏறியிருந்தான்.

செல்வி:
அப்படியானால் பால் போதும். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். பகல் முழுக்கக் குடித்தும் அடங்காமல் அழுகிறான், சிறுநீர் குறைகிறது, எடை நிற்கிறது, அல்லது பாலுக்கு எழாமல் சோர்ந்து கிடக்கிறான் என்றால் மருத்துவரிடம் காட்டு. அது கொத்துக் கணக்கில் சேராது.

இளங்கோ:
வாரக்கணக்கு பற்றி ஒரு வார்த்தை. மிஷெல் லாம்பிள் குழுவினர் 1992இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைப்படி, குழந்தையின் நீளம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதில்லை. பல நாள் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று கூடுகிறது. நிற்கும் காலம் இரண்டு நாளாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம். ஆகவே 3 வாரம், 6 வாரம் என்பது வழக்கில் உள்ள தோராயம்; பெயரில் ஏற்றக் கூடாது. ‘வேகம்’ என்பதைவிட ‘வளர்ச்சித் தாவல்’ பொருந்தும். 2011இல் லாம்பிள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நீளம் கூடுவதற்கு முன் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கியது தெரிந்தது. வளரும்போது தூக்கம் கெடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மாதவன், கூடவும் செய்யும்.

மாதவன்:
‘தாவல்’ பிடித்திருக்கிறது. இரவு மாற்றத்துக்கு ‘தூக்கப் பின்னடைவு’ போடலாமா?

செல்வி:
கூடாது. அதை நாலு மாதத்தில் வரும் மாற்றத்துக்குச் சொல்கிறார்கள். அப்போது தூக்கத்தின் கட்டமைப்பே மாறுகிறது, பழையபடி திரும்பாது. இது சில இரவுகளில் சரியாகிவிடும். ‘தற்காலிகத் தூக்க மாற்றம்’ நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

ராகவன்:
வாரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘ஊட்டல்’ என்றால் அம்மா முடிவெடுப்பதுபோல இருக்கிறது. கேட்பது குழந்தை. ‘கொத்துப் பால்குடி’ எப்படி? ‘பால்குடிக் குழந்தை’ ஏற்கெனவே வழக்கில் உள்ளதே.

இளங்கோ:
பொருள் சரி. ‘கொத்துக்குடி’ என்று யாராவது சுருக்கினால் சாராயக்கடை வாசம் வரும், அவ்வளவுதான்.

மாதவன்:
இப்போதைக்கு ‘கொத்துப் பாலூட்டல்’, ‘வளர்ச்சித் தாவல்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பால்குடியா, ஊட்டலா என்பதில் இன்னும் இரண்டு பேராவது கருத்துச் சொல்லுங்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இதே சொல் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும்.