வீட்டுக் கடனில் அப்பாவையும் சேர்க்கச் சொல்கிறார்கள், அவர் தலையில் எவ்வளவு விழும்?

கெடிலக்கரை

கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு பழைய தனி வீடு பேசி முடித்து, 2 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். விலை 38 லட்சம், கடன் வேண்டியது 30 லட்சம். சிப்காட்டில் வேலை, கைக்கு வருவது 52,000. ஏற்கெனவே ஒரு பர்சனல் லோன் ஓடுகிறது, மாதத் தவணை 6,000. என் சம்பளத்துக்கு 23 லட்சம்தான் வரும், அப்பாவை கோ-அப்ளிகண்டாகச் சேர்த்தால் 30 கிடைக்கும் என்கிறார் வங்கியிலிருந்து வந்தவர்.

அப்பாவுக்கு வயது 63. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் 36,000. நெல்லிக்குப்பத்தில் சொந்த வீடு இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கென்று 8 லட்சம் எஃப்.டி. போட்டிருக்கிறார், அதுவும் இதே வங்கியில். "கையெழுத்துதானேடா, போட்டுத் தர்றேன்" என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாளை எனக்கு வேலை போனால் அந்த எஃப்.டி.யிலும் நெல்லிக்குப்பம் வீட்டிலும் கை வைப்பார்களா? இல்லை, அப்பா வெறும் சாட்சி மாதிரியா?

மனைவி புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், சம்பளம் 18,000. ஜனவரியில்தான் சேர்ந்தார். ஆறு மாத சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், ஐந்துதான் இருக்கிறது. விற்பவரோ ஆடி பிறப்பதற்குள் கிரயம் முடியவேண்டும் என்று நிற்கிறார்.

சில்வர்பீச் சீனு

தம்பி, பயப்படாதீங்க. பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது, சட்டமே அப்படித்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, அப்பா பேரைச் சேர்த்தா அந்த வீட்டில் அவருக்குப் பாதி பங்கு ஆயிடும். அவர் காலத்துக்குப் பிறகு உங்க தங்கையும் வந்து பங்கு கேட்பாங்க. எங்க சித்தப்பா வீட்டில் இப்படித்தான் வம்பு ஆச்சு, மூணு வருஷமா கோர்ட்டுக்கு அலையறாங்க.

பழைய கிளார்க்

சீனு சொன்னதில் பென்ஷன் விஷயம் பாதி சரி, பங்கு விஷயம் தவறு. வீடு யாருடையது என்பதைக் கிரயப் பத்திரம்தான் சொல்லும், கடன் பத்திரம் சொல்லாது. பத்திரத்தில் அப்பா பெயர் இல்லையென்றால், கடனில் அவர் எத்தனை பக்கம் கையெழுத்துப் போட்டாலும் வீட்டில் ஒரு செங்கல்லும் அவருடையது இல்லை. உங்கள் சித்தப்பா வீட்டில் பத்திரமே இரண்டு பேர் பெயரில் இருந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

கெடிலக்கரைக்கு வருகிறேன். முப்பது வருடம் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் அப்பா சாட்சி இல்லை, கடனாளி. ஒப்பந்தத்தில் இரண்டாம் மூன்றாம் பக்கத்திலேயே "ஜாயின்ட்லி அண்ட் செவரலி" என்று ஒரு வரி இருக்கும். கூட்டாகவும் தனித்தனியாகவும் என்று அர்த்தம். நீங்கள் பாதி, அவர் பாதி என்று எண்ணிவிடாதீர்கள். முழு 30 லட்சத்துக்கும் நீங்கள் பொறுப்பு, அதே முழு 30 லட்சத்துக்கும் அவரும் பொறுப்பு. இருவரில் யாரைக் கேட்பது என்பது வங்கியின் இஷ்டம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. முதல் விண்ணப்பதாரர், இரண்டாம் விண்ணப்பதாரர் என்பதெல்லாம் படிவத்தில் வரிசை, அவ்வளவுதான்.

தவணை 90 நாள் தாண்டி நின்றால் கணக்கு வாராக் கடனாகும். அப்புறம் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும், அது நெல்லிக்குப்பத்துக்கும் போகும். அந்தச் சட்டத்தில் நேராகக் கை வைக்க முடிவது அடமானம் வைத்த செம்மண்டலம் வீட்டின்மேல்தான். ஆனால் அதை ஏலம் விட்டும் கடன் தீரவில்லை என்றால், மிச்சத்துக்கு வங்கி, பாக்கித் தொகையைப் பொறுத்து, கடன் மீட்புத் தீர்ப்பாயமோ சிவில் கோர்ட்டோ போகலாம். அங்கே உத்தரவு வாங்கினால் அப்பாவின் சொந்த வீடும் கணக்கில் வரும். பென்ஷனை கோர்ட் ஜப்தி செய்ய முடியாது என்பது உண்மை. எஃப்.டி. கதை வேறு. கடன் பாக்கிக்கு டெபாசிட்டை நேர்செய்துகொள்ளும் உரிமையைப் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவார்கள். அதே வங்கியில் இருக்கிற 8 லட்சம் எனக்குக் கண்ணை உறுத்துகிறது.

லாஸ்பேட்டை லதா

நடுவில் என் கதையைச் சொல்வதற்கு மன்னிக்கவும். 2016இல் கணவர் வாங்கிய வீட்டுக் கடனில் நான் இணை விண்ணப்பதாரர். பத்திரம் அவர் பெயரில் மட்டும். இப்போது பிரிந்து இருக்கிறோம். போன வருடம் நான்கு மாதம் அவர் தவணை கட்டவில்லை. எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட வரவில்லை, அவர் நம்பர்தான் பதிவாகி இருந்தது. மகள் படிப்புக் கடனுக்குப் போனபோதுதான் என் சிபில் ஸ்கோர் விழுந்து கிடப்பது தெரிந்தது. பெயரை எடுங்கள் என்று வங்கியில் கேட்டால், அவர் கையெழுத்து வேண்டும், அவர் தனி வருமானமும் கடனுக்குப் போதவேண்டும் என்கிறார்கள். விவாகரத்துத் தீர்ப்பில் "கடன் கணவர் பொறுப்பு" என்று எழுதி வாங்கிவிட்டால் நான் விடுபட்டுவிடுவேனா?

பழைய கிளார்க்

இல்லைம்மா. அந்தத் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது, வங்கி அதில் கட்சி இல்லை. வங்கி சம்மதித்துப் புது ஒப்பந்தம் எழுதினால்தான் பெயர் விடும். அல்லது அவர் தன் பெயரில் மட்டும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்ளவேண்டும். மாறுவட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் தனிநபரிடம் வாங்கக்கூடாது, இணை விண்ணப்பதாரர் இருந்தாலும் அப்படித்தான். நீங்கள் கட்டிய பணத்தில் அவர் பங்கை அவரிடம் கேட்கலாம், அதற்கு வழக்கறிஞர் வேண்டும். உங்கள் கைபேசி எண்ணையும் அந்தக் கடன் கணக்கில் சேர்க்கச் சொல்லி இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

சில்வர்பீச் சீனு

சரி, பங்கு விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அப்பா பென்ஷன் கணக்கிலிருந்தே தவணை போனா, நாளைக்கு "அப்பா பணத்தில் வாங்கின வீடு"ன்னு தங்கச்சி வீட்டுக்காரர் பேச மாட்டாரா?

பழைய கிளார்க்

பேசுவார். அதனால்தான் தவணை கெடிலக்கரை கணக்கிலிருந்து மட்டும் போகவேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம், இதில் வங்கியிலிருந்து வந்தவர் ஏதோ விட்டிருக்கிறார். 20 வருடம், 8.5 சதவீதம் என்று வைத்தால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய், 30 லட்சத்துக்கு 26,035. உங்கள் வங்கி சம்பளத்தில் பாதி வரை தவணைக்கு விடுகிறது. 52,000இல் பாதி 26,000, அதில் பர்சனல் லோன் 6,000 போனால் மிச்சம் 20,000. அதனால்தான் 23 லட்சம்.

அப்பா பென்ஷனைச் சேர்த்தால் மொத்தம் 88,000. பாதி 44,000, அதில் 6,000 போக 38,000. தாராளம் என்று தோன்றும். ஆனால் வருமானம் சேர்க்கும்போது அவர் வயதையும் பார்ப்பார்கள். கடன் 70 வயதுக்குள் முடியவேண்டும் என்பது பல இடங்களில் விதி. அவருக்கு 63, அப்படியென்றால் ஏழே வருடம். ஏழு வருடத்தில் 30 லட்சத்தை அடைக்க மாதம் 47,500 கட்டவேண்டும், உங்களுக்கு இடம் 38,000தான். சில வங்கிகளில் பென்ஷனைச் சேர்க்காமல் பெயரை மட்டும் சேர்ப்பார்கள், அப்போது வயது தடையில்லை. ஆனால் பென்ஷன் கணக்கில் வராததால் கடன் தொகையும் ஏறாது. அப்பா கழுத்து மட்டும் உள்ளே போகும். இந்த இரண்டில் எது என்று எழுத்தில் கேளுங்கள்.

கெடிலக்கரை

ஐயா, தலை சுற்றுகிறது. இன்று கிளைக்கே போய்க் கேட்டேன். மேலாளர் கணினியில் அப்பாவின் பிறந்த தேதியை அடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா சார், இது ஏழு வருஷம்தான் காட்டுது" என்றார். வந்தவர் அதைச் சொல்லவே இல்லை. அப்படியென்றால் மனைவியை எடுத்துக்கொள்ளலாமா?

பழைய கிளார்க்

மனைவி சம்பளம் சேர்ந்தால் 70,000, பாதி 35,000, பர்சனல் லோன் போக 29,000. 26,035 அதில் அடங்கும், வயதும் பிரச்சினை இல்லை. ஆனால் ஆறாவது சீட்டு ஜூலை முதல் வாரம்தான் வரும், அதற்குப் பிறகு கடன் ஒப்புதல் ஆவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரை ஒப்பந்தத்தை நீட்டித் தருவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள், முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பர்சனல் லோனில் பாக்கி எவ்வளவு?

கெடிலக்கரை

இன்னும் 20 தவணை. ஆப்பில் 1,08,000 என்று காட்டுகிறது.

பழைய கிளார்க்

அதை அடைத்துவிடுங்கள். 26,000 முழுக்க வீட்டுக் கடன் தவணைக்கே இடம் இருக்கும், அதற்கு 29.95 லட்சம் கிடைக்கும். மிச்ச 5,000 ரூபாய்க்காகவா அப்பாவைக் கடனாளி ஆக்குவது? அவர் 20 வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதைவிட, ஒரு லட்சத்துச் சொச்சத்தைக் கைமாற்றாகக் கொடுப்பது அவருக்கு எவ்வளவோ பாதுகாப்பு. தங்கை கல்யாணத்துக்கு முன் அந்த ஆறாயிரத்தை மாதாமாதம் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அடைத்தவுடன் தடையின்மைக் கடிதம் வாங்கி வங்கியில் கொடுங்கள், சிபிலில் ஏற ஒரு மாதம் ஆனாலும் கடிதத்தை வைத்துப் பார்ப்பார்கள். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பர்சனல் லோனுக்கு அது வரலாம்.

கடன் காப்பீடு எடுக்கச் சொன்னால், யார் உயிருக்கு, எவ்வளவுக்கு என்று பாருங்கள். சம்பாதிப்பவர் நீங்கள், பாலிசி உங்கள் பெயரில் இருக்கவேண்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால் வாரிசுகள் நீங்கள் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு, இணை விண்ணப்பதாரரோ தன் சொந்தச் சொத்திலிருந்தும் முழுக்கப் பொறுப்பு.

லாஸ்பேட்டை லதா

கெடிலக்கரை, பத்திரத்தில் உங்கள் மனைவி பெயரும் போடப் போகிறீர்களா?

கெடிலக்கரை

போடலாம் என்றுதான் இருக்கிறேன். போட்டால் கடனிலும் அவர் வரவேண்டும் என்கிறாரே மேலாளர்?

பழைய கிளார்க்

ஆமாம், பத்திரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கடனில் இருக்கவேண்டும் என்பது வங்கிகள் பொதுவாகக் கேட்பது. அவர் வருமானம் சேராவிட்டாலும் முழுப் பொறுப்பு வரும், அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பொறுப்பு மட்டும் மனைவிக்கு, பத்திரம் உங்களுக்கு என்பதுதான் லதாவுக்கு நடந்தது, அது எனக்குப் பிடிக்காது. பழைய வரி முறையில் இருந்தால் வட்டிக் கழிவுக்கும் பத்திரத்தில் பெயர் வேண்டும், கடனில் மட்டும் இருந்தால் கிடைக்காது.

கெடிலக்கரை

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அப்பா தன் சேமிப்புக் கணக்கிலிருந்து 1,10,000 கொடுத்தார், எஃப்.டி.யைத் தொடவில்லை. பர்சனல் லோன் அடைத்து கடிதமும் வாங்கியாயிற்று. கட்டணம் 3,000 சொச்சம் பிடித்தார்கள். மேலாளர் 29.5 வரை வரும் என்கிறார், மிச்சத்துக்கு மச்சினனைக் கேட்கவேண்டும். விற்பவர் ஆவணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனி கடைசி முகூர்த்தத்துக்குள் முடியுமா பார்க்கிறேன். கோபம் அப்பாவுக்குத்தான், "என் கையெழுத்து வேணாம்னு சொல்லிட்டியேடா" என்று இரண்டு நாளாகப் பேசவில்லை.

லாஸ்பேட்டை லதா

நம்பரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "முதல் விண்ணப்பதாரர் சம்மதம் வேண்டும்" என்கிறார்கள். இது சரிதானா ஐயா?