உயரம் ஒத்துப்போகிறது, ஆனாலும் சங்க் ஓரத்தில் கோடு தெரிகிறது: உங்கள் அனுபவம்?

கரிசல்காடு

கோடோ 4-இல் நடக்க நடக்க விரியும் ஒரு நிலப்பரப்பு செய்துகொண்டிருக்கிறேன். ஒரு சங்க் 32 மீட்டர் சதுரம், மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரம் FastNoiseLite-இலிருந்து வருகிறது. நார்மலை SurfaceTool-இன் `generate_normals()` போட்டுத் தருகிறது.

உச்சி வெயிலில் குறை எதுவும் தெரியவில்லை. சூரியனைக் கீழே இறக்கி மாலை வெளிச்சம் வைத்ததும் தரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடுகள். விரிசலோ என்று கேமராவைத் தரைக்கு அடியில் கொண்டுபோய் மேலே பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை. பக்கத்துப் பக்கத்து சங்க்குகளின் ஓர உயரங்களை அச்சிட்டுப் பார்த்தால் கடைசி இலக்கம் வரை ஒன்றுதான். மெட்டீரியலை அன்ஷேடட் ஆக்கினால் கோடு மறைந்துவிடுகிறது. உங்களில் யாராவது இதைச் சந்தித்திருக்கிறீர்களா?

வடகரை

இது எல்ஓடி விரிசல். எனக்கும் வந்தது. தூரத்து சங்க் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் இருப்பது 1 மீட்டருக்கு ஒன்று என்றால், நடுப்புள்ளி எதிர்ப்பக்கத்து விளிம்பில் உட்காராது, இடுக்கில் வானம் தெரியும். ஓரத்தைச் சுற்றிக் கீழ்நோக்கி ஒரு பாவாடை தொங்கவிடுங்கள், போய்விடும்.

கரிசல்காடு

எல்ஓடி இன்னும் போடவே இல்லை. எல்லா சங்க்கும் ஒரே அடர்த்திதான். வானமும் தெரியவில்லை, நிழல்தான் சட்டென்று மாறுகிறது.

பொன்வண்டு

அப்படியானால் நார்மல்தான். நானும் பட்டிருக்கிறேன். தீர்வு எளிது: புது சங்க் உருவாகும்போது பக்கத்து சங்க்கைக் கேட்டு, அதன் ஓர நார்மலை வாங்கி, நம்முடையதோடு கூட்டிச் சராசரி எடுத்து இரண்டிலும் எழுதிவிட வேண்டும். என் விளையாட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

தொடுவானம்

பொன்வண்டு காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். வழிதான் எனக்கு ஒப்பவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கோடு ஏன் வருகிறது என்று எண்களில் பாருங்கள். x = 31-இல் உயரம் 4.0, ஓரமான x = 32-இல் 4.5, x = 33-இல் 4.4 என்று வைத்துக்கொள்வோம். இடது சங்க்குக்குத் தன் முக்கோணங்கள் மட்டுமே தெரியும். அதன் கணக்கில் ஓரப்புள்ளியில் சரிவு மீட்டருக்கு 0.5 ஏற்றம். வலது சங்க்குக்கு அதே புள்ளியில் 0.1 இறக்கம். புள்ளி ஒன்று, உயரம் ஒன்று, நார்மல் இரண்டு. உச்சி வெயிலில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. சாய்ந்த வெளிச்சத்தில் அப்படியே கோடாகத் தெரியும். இரு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் சரிவு (4.4 − 4.0) / 2, அதாவது 0.2. இரண்டு சங்க்குமே இந்த 0.2-க்கு வந்து சேர வேண்டும்.

அதற்குப் பக்கத்து சங்க் தேவையில்லை, நாய்ஸையே கேட்கலாம். மெஷ்ஷுக்கு 33 × 33 புள்ளி போதும். ஆனால் உயரத்தைச் சுற்றிலும் ஒரு வரிசை கூடுதலாக, 35 × 35 எடுங்கள்:

```gdscript
var n = 32
var h = PackedFloat32Array()
for z in range(-1, n + 2):
	for x in range(-1, n + 2):
		h.append(noise.get_noise_2d(cx * n + x, cz * n + z) * 12.0)
```

பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் இட, வல, முன், பின் உயரங்களிலிருந்து நார்மல்:

```gdscript
var nrm = Vector3(left - right, 2.0, back - front).normalized()
```

`back` என்பது z − 1, `front` என்பது z + 1. நடுவில் உள்ள 2.0 அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரம். புள்ளி இடைவெளி 1 மீட்டர் என்பதால் 2. அரை மீட்டர் ஆக்கினால் 1.0 போட வேண்டும். `generate_normals()`-ஐ எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் போட்டதை அது அழித்து எழுதிவிடும்.

இன்னொன்று: `cx * n + x` முழு எண்ணாகவே இருக்கட்டும். சங்க் 0-வின் 32-ஆம் புள்ளியும் சங்க் 1-இன் 0-ஆம் புள்ளியும் 32 என்ற ஒரே எண்ணாக நாய்ஸுக்குள் போகும். தசமத்தில் சிறு சிறு அடியாகக் கூட்டிக்கொண்டே போனால், தொடக்கத்திலிருந்து தள்ளிப்போகப் போக இரண்டு பக்கமும் இம்மி வேறுபட்டு, ஓரத்தில் புள்ளி புள்ளியாக மினுங்கும்.

பக்கத்து சங்க்கைக் கேட்பதில் சிக்கல் இதுதான்: நான்கு சங்க் கூடும் மூலைப்புள்ளியில் நாலும் வந்து சேரும்வரை விடை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்று வரும்போதும் பழைய மெஷ்களைத் திரும்ப எழுத வேண்டும். வேறு த்ரெட்டில் உருவாக்கினால் இன்னும் தலைவலி.

பொன்வண்டு

மூலை விஷயம் உண்மைதான். நடக்கும்போது என் தரையில் அங்கங்கே நிழல் ஒரு கணம் துள்ளும், காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் விளையாடுபவர் மண் தோண்டினால்? தோண்டிய குழி நாய்ஸுக்குத் தெரியாதே. அங்கே பக்கத்து சங்க்கைக் கேட்டே ஆக வேண்டும்.

தொடுவானம்

சரிதான். தோண்டிய மாற்றங்களை சங்க்குக்குள் வைக்காமல், உலக ஆயத்தொலைவின்படி தனி அகராதியில் வைத்தால், உயரம் கேட்கும் ஒரே செயற்கூறு நாய்ஸையும் அதையும் கூட்டித் தந்துவிடும். ஓரத்தில் தோண்டினால் இரண்டு மெஷ்ஷையும் திரும்பக் கட்டுவதைத் தவிர்க்க முடியாது.

மல்லி

என் கதை வேறு. என்னுடையதில் ஓரத்தில் செங்குத்தாகப் பாறைச்சுவர் மாதிரி நின்றது. ஒரு சங்க்குக்கு ஒரு NoiseTexture2D, `offset` மட்டும் மாற்றி. அதில் `normalize` என்ற பண்பு இயல்பாகவே ஆன்-இல் இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் சிறும, பெரும மதிப்பை 0, 1 என்று இழுத்துவிடும். ஓரத்தில் நாய்ஸ் 0.1 என்று வைப்போம். ஒரு சங்க்கில் வீச்சு −0.2 முதல் 0.3 வரை, அங்கே அது 0.6 ஆகிறது. பக்கத்தில் −0.5 முதல் 0.1 வரை, அங்கே 1.0. பெரும உயரம் 12 மீட்டர் என்றால் 7.2-க்கும் 12-க்கும் நடுவே கிட்டத்தட்ட 5 மீட்டர் சுவர். `normalize`-ஐ அணைத்ததும் சேர்ந்துகொண்டது.

கரிசல்காடு

35 × 35 போட்டுப் பார்த்தேன். மாலை வெளிச்சத்திலும் கோடு இல்லை! தொடுவானம் அண்ணா, மிக்க நன்றி. எல்ஓடி போடும்போது இது திரும்ப வருமா?

தொடுவானம்

வரும், நார்மலை அந்தந்த சங்க்கின் புள்ளி இடைவெளியை வைத்தே கணக்கிட்டால். 2 மீட்டர் இடைவெளியில் எடுத்த சரிவும் 1 மீட்டரில் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. எல்லா எல்ஓடியிலும் நார்மலுக்கு மட்டும் 1 மீட்டர் தள்ளியே நாய்ஸைக் கேளுங்கள். பொதுவான புள்ளிகளில் நார்மல் ஒன்றாகிவிடும். இடுக்குக்கு வடகரை சொன்ன பாவாடைதான்.

பொன்வண்டு

தூரத்தில் அவ்வளவு நுணுக்கமான நார்மல் வைத்தால் கேமரா அசையும்போது பொரிப்பொரியாக மினுங்குகிறது. நான் அந்த இடைவெளியை அகட்டிப் பார்த்துக் கைவிட்டேன். இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீரோட்டம்

நீர் அரிப்பு சேர்த்த யாராவது இருக்கிறீர்களா? என் துளி ஒவ்வொன்றும் அதிகபட்சம் 30 ஸ்டெப் ஓடும், ஸ்டெப்புக்கு ஒரு கட்டம். அதனால் சுற்றிலும் 30 மீட்டர் கூடுதலாக எடுத்து, துளி விழும் இடங்களையும் உலக ஆயத்தொலைவிலிருந்தே முடிவு செய்கிறேன். 32 மீட்டர் சங்க்குக்கு 92 மீட்டர் சதுரம், பரப்பில் எட்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு செய்தும் ஓரத்தில் சில சென்டிமீட்டர் பிசகுகிறது.

தொடுவானம்

ஒரு துளி அரித்த பள்ளம் அடுத்த துளியின் பாதையைத் திருப்பும், அது இன்னொன்றைத் திருப்பும். பாதிப்பு சங்கிலியாக 30 மீட்டரைத் தாண்டி வரும், அதனால் எவ்வளவு எடுத்தாலும் முழுக்கச் சேராது. 512 மீட்டர் போலப் பெரிய துண்டாக அரித்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பட்டையில் உயரத்தைக் கலந்துவிடுவேன். உயரத்தைக் கலந்த பிறகுதான் நார்மலை எடுக்க வேண்டும்.

நீரோட்டம்

கலந்து பார்த்தேன். மலைச்சரிவில் தெரியவே இல்லை. ஓடைப் பள்ளம் அந்தப் பட்டையைக் கடக்கும் இடத்தில் மட்டும், இரண்டு துண்டிலும் பள்ளம் கொஞ்சம் தள்ளி விழுந்திருப்பதால், நடுவில் ஒரு மேடு எழும்பித் தண்ணீர் தேங்குகிறது. ஓடைப் பாதையை முன்கூட்டியே தனியாக முடிவு செய்து, அரிப்பை அதன்படி ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.