40 அடி ஹோர்டிங்குக்கு 24 மெகாபிக்சல் போட்டோ போதுமா?

கோட்டோவியன்: 40-க்கு 20 அடி ஹோர்டிங். பார்ப்பவர்கள் குறைந்தது 100 அடி தள்ளி இருப்பார்கள். எழுத்தும் லோகோவும் இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலில் இருக்கின்றன, பின்னணிப் போட்டோ 6000×4000 பிக்சல். அதை 300 பிபிஐ ஆக்கப் போனால் போட்டோஷாப் திணறுகிறது. பழைய இல்லஸ்ட்ரேட்டரில் ஆர்ட்போர்டும் 40 அடிக்கு வரவில்லை.

பேனர்பாண்டி: 300 இல்லாம அனுப்பாதீங்க, புள்ளி புள்ளியா உடையும். இல்லன்னா போட்டோவையே Image Trace போட்டு வெக்டராக்கிடுங்க. எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது.

மைத்துளி: உடையாதுதான் பாண்டி, ஆனா முகமெல்லாம் வண்ணத் திட்டா ஆயிடும். போட்டோவுக்கு அது வேண்டாம். 300 என்பது கையில் பிடித்துப் படிக்கிற அச்சுக்கு. 40 அடி 480 அங்குலம். 300-ல் கணக்கிட்டால் 1,44,000×72,000 பிக்சல், CMYK-யில் 40 ஜிபி தாண்டும்.

உங்கள் போட்டோவை 2:1-க்கு வெட்டினால் 6000×3000. 480 அங்குலத்தில் பரப்பினால் 12.5 பிபிஐ, அதாவது ஒரு பிக்சல் 2 மி.மீ. நல்ல பார்வை உள்ளவருக்கே 100 அடியில் 9 மி.மீ.க்குக் குறைவான நுணுக்கம் பிரிந்து தெரியாது. தாராளமாகப் போதும்.

பழைய பதிப்பில் ஆர்ட்போர்டு 227 அங்குலத்தோடு நின்றுவிடும். 1:10-ல், 48×24 அங்குலத்தில் வேலை செய்யுங்கள். அதில் போட்டோ 125 பிபிஐ என்று காட்டும், பயப்பட வேண்டாம். எழுத்தை அவுட்லைன் ஆக்கி, ஃபைல் பெயரிலேயே 1-to-10 என்று போடுங்கள். அச்சகம் பத்து மடங்கு பெரிதாக்கும்போது வெக்டர் விளிம்பு புதிதாகக் கணக்கிடப்படும், அதனால் கூர்மை குறையாது. `Scale Strokes & Effects` டிக் இல்லாமல் பெரிதாக்கினால் மட்டும் கோடுகள் நூலாகத் தெரியும்.

ஸ்டால்செல்வி: அப்ப என் கண்காட்சி பேக்டிராப்புக்கும் 12 போதுமே? 10 அடி அகலம்தான்.

மைத்துளி: போதாதுங்க. அகலம் கணக்கே இல்லை, தூரம்தான் கணக்கு. 3440-ஐ அங்குலத் தூரத்தால் வகுங்க. 4 அடியில் நின்று பார்ப்பாங்கன்னா 72 பிபிஐ, அதாவது அகலத்துக்கு 8600 பிக்சல் வேணும்.

கோட்டோவியன்: லோகோ `.ai` ஃபைல்தான், ஆனாலும் பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டாகத் தெரிகிறது.

மைத்துளி: `Ctrl+Y` அடித்துப் பாருங்கள். வடிவம் கோடாகத் தெரிந்தால் வெக்டர், வெறும் பெட்டி தெரிந்தால் உள்ளே ஒட்டிய படம்.

கோட்டோவியன்: பெட்டி. 300 பிக்சல் அகலம். ஹோர்டிங்கில் 10 அடிக்கு வர வேண்டும்.

மைத்துளி: அப்போ ஒரு பிக்சல் 1 செ.மீ. போட்டோவின் மென்மையான நிறமாற்றத்தில் இது மறைந்துவிடலாம்; லோகோவின் கூரிய விளிம்பில் மறையாது. அசல் ஃபைலைக் கேளுங்கள், இல்லையென்றால் பென் டூலில் மறுபடி வரையுங்கள்.

பேனர்பாண்டி: லோகோவுக்கு Image Trace போடலாம்ல?

மைத்துளி: 300 பிக்சலில் மூலைகள் உருண்டுவிடும். இரண்டு நிற எளிய லோகோ என்றால் முயலலாம். என்ன மாதிரி லோகோ, கோட்டோவியன்?