கைமாற்றா, கையடையா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ளவர்களுக்கு, தோட்டத்து இளைஞர்களுக்கான சட்ட உதவிக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். பொலிஸ் கைப்பற்றிய பொருள், பிடித்த இடத்திலிருந்து நீதிமன்ற மேசை வரை யார் யாரிடம், எந்த நிலையில் இருந்தது என்று காட்டும் தொடர்ச்சிக்கு என்ன சொல்லலாம்? ஆங்கிலத்தைப் பார்த்து ‘காவல் சங்கிலி’ என்று போட்டேன். வாசித்த தம்பி, “விலங்கா அக்கா?” என்றான்.

பண்டாரவளை, தமிழாசிரியர்

தங்கச்சி, சொல் நம்மிடமே இருக்கிறது: கையடை. பாதுகாக்கும்படி ஒருவர் கையில் ஒப்படைப்பது. கம்பனில் தயரதன் இராமனை முனிவரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குப் பெயரே கையடைப் படலம். ‘அடை’ என்பதற்குள் சேர்தல், மூடுதல் இரண்டும் உண்டு. அரக்கு வைத்து மூடிய பொதிக்கு இதைவிடப் பொருத்தம் எது? அடைக்கலம், அடைமானம், அடைகாத்தல் எல்லாம் இந்த வேரோடு வைத்துப் பார்க்க வேண்டியவை. கோழியிலிருந்து தொடங்கினால்...

நானுஓயா

சேர், கோழி இருக்கட்டும். என் மச்சானை இரண்டு நாள் நிலையத்தில் வைத்திருந்துவிட்டு, ஒரே நாள் என்று எழுதினார்கள். இந்தச் சங்கிலி உடைந்ததாகச் சொல்லலாமா?

ஹட்டன்

அண்ணன், அது ஆளைத் தடுத்து வைத்தது. தனிப் பிரச்சினை, அதற்கு வேறு அத்தியாயம் இருக்கிறது. இது பொருளுக்கு. ‘காவல்’ என்ற சொல்லே ஆகாது என்று இப்போது தெரிகிறது. ‘கைமாற்றுத் தொடர்’?

நானுஓயா

கைமாற்று என்றால் எங்கள் லயத்தில் சம்பளத்துக்கு முன்னால் வாங்கும் கடன்.

நுவரெலியா, சட்ட மாணவர்

பெயர் எதுவானாலும் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள்: ஒரு கையெழுத்து விடுபட்டாலே வழக்கு தள்ளுபடி.

பதுளை, ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்

தம்பி, அப்படி எழுதினால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். நான் மொழிபெயர்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

மாலையில் ஹெரோயின் பிடித்தார்கள். நகைக்கடைத் தராசில் பொலித்தீனோடு நிறுத்தார்கள். அரக்கு வைத்து, சந்தேகநபரின் பெருவிரல் அடையாளமும் எடுத்து, இரவு 7 மணிக்கு நிலையத்தில் பொறுப்புக் கொடுத்து பீ.ஆர். என்ற பதிவு இலக்கம் போட்டதாகப் பிடித்த அதிகாரி சாட்சி சொன்னார். பொறுப்பெடுத்தவரோ, தான் அன்று 6 மணிக்கே கடமை முடித்துப் போனதாகவும், மறுநாள் காலையில்தான் பொதியை வாங்கியதாகவும் சொன்னார். பொதிக்கு அரக்கு வைத்ததே அப்போதுதான் என்றும் வந்துவிட்டது.

அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையில் முத்திரைகள் குலையவில்லை என்றுதான் இருந்தது. ஆனால் முத்திரை, அது வைத்த நேரத்திலிருந்துதான் பேசும். அதற்கு முந்திய இரவைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? பொதி இருந்த அலுமாரித் திறப்பு அன்றிரவு யாரிடம் இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. பகுப்பாய்வாளரிடம் நிறை குறைந்ததையும் எதிர்த்தரப்பு பெரிதாகப் பிடித்தது. பொலித்தீனைக் கழித்ததும் அது சரியாகிவிட்டது. அந்த இரவு மட்டும் சரியாகவில்லை. தூய ஹெரோயின் 2 கிராம் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்ற சட்டம். அப்படிப்பட்ட வழக்கில், பகுப்பாய்வாளர் பார்த்த தூள் இவரிடம் பிடித்த அதே தூள்தானா என்ற நியாயமான சந்தேகம் வந்துவிட்டால் போதும். எதிரியை விடுவித்தார்கள்.

பகுப்பாய்வாளரிடம் போய்ச்சேரும் வரையான பயணம்தான் மிக முக்கியம், திரும்பி வரும் பயணத்துக்கு அவ்வளவு கனம் இல்லை என்று பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 1998 சட்ட அறிக்கையில் இருக்கிறது. அறிக்கை தங்கி நிற்பது உள்ளே போன பொருளில்தானே.

இன்னொன்று, தூளுக்கு முகம் கிடையாது. கவ்வாத்துக் கத்திக்கு உண்டு. அலகில் ஒரு பல், பிடியில் சுற்றிய சிவப்புக் கம்பி, அதிகாரி கீறிய எழுத்து இவற்றை வைத்து, “இதுதான் நான் எடுத்த கத்தி” என்று சாட்சி சொல்ல முடியும். பதிவில் ஒரு வரி விடுபட்டாலும் கத்தி தாங்கும். அதில் இருந்த இரத்தத்தைச் சோதித்திருந்தால் மட்டும் பழையபடி தூளின் கதைதான்.

நுவரெலியா

சரி ஐயா. ‘தள்ளுபடி’யை எடுத்துவிட்டு ‘பலவீனம்’ என்று போடலாம். ஆனாலும் கையெழுத்து விடுபட்ட வழக்குகள் விழுந்திருக்கின்றனவே?

பதுளை

விழுந்திருக்கின்றன. கையெழுத்துக்காக இல்லை, அந்த இடைவெளியில் யாராவது கைவைத்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்காக.

சொல்லுக்கு என் வாக்கு ‘பொறுப்புத் தொடர்’. நிலையத்தில் ‘பொறுப்புக் கொடுத்தேன், பொறுப்பெடுத்தேன்’ என்றுதான் சொல்வார்கள்.

ஹட்டன்

நானும் அதற்குத்தான். ‘பொறுப்புத் தொடர்’ போகிறது. கத்தியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நானுஓயா

அது விளங்குது. மச்சான் விசயத்துக்கு எந்தப் பக்கம் என்று தனியாக அனுப்புங்க.

பண்டாரவளை

பொறுப்பு என்பது உத்தியோகத்தரின் சொல், கையடை மொழியின் சொல். இந்தப் பதிப்பு போகட்டும், இரண்டாம் பதிப்பில் மறுபடி வருவேன். ‘பொறுப்பு தொடர்’ என்று ஒற்றில்லாமல் அச்சாக்கிவிடாதீர்கள், தங்கச்சி.