சலக்கடுப்புத்தானே என்று விட்டேன், நடுக்கத்தில் போய் முடிந்தது

இரணைமடுப் பக்கத்து வயல்காரி:
போன காலபோகத்தில் புல்லுப் பிடுங்கப் போன நாட்களில் நடந்தது. எங்கள் வயல் வெட்டவெளி, ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை. அதனால் காலையில் ஒரு தேத்தண்ணியோடு போய், பின்னேரம் வீட்டுக்கு வரும்வரை தண்ணீரே குடிக்காமல் இருப்போம், சலம் வந்தாலும் அடக்கிக்கொள்வோம். ஒருநாள் கடுப்புத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் ஓடவேண்டும், போனால் நாலு சொட்டு, அதுவும் நெருப்பாய் எரியும். டொக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் பாமசியில் சொல்லிக் குளிசை வாங்கினேன். இரண்டு நாளில் எரிவு குறைந்தது, சரி, சுகம் என்று மிச்சத்தைச் சீனிப் பேணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பொழுதுபடும் நேரம் குளிரத் தொடங்கியது. இரண்டு போர்வை போட்டும் பல்லுக் கிட்டியது. வலப்பக்கம் கடைசி விலாவுக்குக் கீழே முதுகில் மகள் கை வைத்ததும் கத்திவிட்டேன். குடித்த கஞ்சியும் வெளியே வந்தது. எரிவு மட்டும் பெரிதாக இல்லை, அதனால் இதையும் அதையும் நான் சேர்த்தே பார்க்கவில்லை. விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஊசி, பிறகு குளிசை. வேறு யாருக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பரந்தன் அம்மா:
இது உடம்புச் சூடு பிள்ளை. பார்லித் தண்ணியும் இளநியும் குடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். எனக்கு எத்தனையோ முறை அப்படித்தான் மாறியது.

ஓய்வுபெற்ற நேர்ஸ், வவுனியா:
அம்மா சொல்வதில் பாதி சரி. தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பெண்களுக்கு, நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூட்டிக் குடித்தால் கடுப்பு திரும்பத் திரும்ப வருவது குறையும். ஆனால் காய்ச்சலும் நடுக்கமும் வந்த பிறகு இளநியை நம்பி ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. வாட்டில் அப்படி இரத்தத்தில் கிருமி கலந்து, பிரஷர் விழுந்த நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு ஏன் கூட என்றால், சலம் வெளியே வருகிற குழாய் நமக்கு நாலு சென்ரிமீற்றர் அளவுதான், ஆண்களுக்கு இருபது அளவில். போதாததற்கு அதன் வாசல் மலவாசலுக்குக் கிட்ட. குடலில் சும்மா இருக்கிற ஈ.கோலைக் கிருமிதான் பெரும்பாலும் அங்கிருந்து நகர்ந்து உள்ளே ஏறுகிறது. சலம் போகிறபோது அதையும் தள்ளிக்கொண்டு போகும். பகல் முழுக்க அடக்கினால் கிருமி சலப்பையில் தங்கிப் பெருகும்.

வயல்காரித் தங்கச்சி, குளிசையை நிறுத்தியதால்தான் ஏறியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். உங்கள் கிருமி அந்த மருந்துக்கு மசியாததாகவும் இருந்திருக்கலாம். இன்னொன்று, கடுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கிற நைட்ரோபுரன்டோயின் சலத்தில்தான் நன்றாகச் சேரும், சிறுநீரகத்தின் சதைக்குள் போதிய அளவு போகாது. பைக்குள் கிருமி இருக்கும்வரை அது நல்ல மருந்து, மேலே ஏறிவிட்டால் மிச்சக் குளிசையைத் தேடி எடுத்துப் போட்டும் பலனில்லை. முதல் குளிசைக்கு முன்னமே சலம் கொடுத்திருந்தால், கல்ச்சர் ரிப்போட் இரண்டு மூன்று நாளில் எந்த மருந்து கேட்கும் என்று காட்டியிருக்கும்.

நெடுங்கேணித் தம்பி:
எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணியால் சிறுநீரக நோய் என்று எல்லாரும் பயந்துபோய் இருக்கிறோம். அக்காவுக்கு வந்ததும் அதுதானா? டயலிசிஸ் செய்யச் சொன்னார்களா?

ஓய்வுபெற்ற நேர்ஸ், வவுனியா:
இல்லைத் தம்பி, அது வேறு. அந்த நோய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தின்னும், காய்ச்சலோ நடுக்கமோ காட்டாது. அக்காவுக்கு வந்தது கிருமி, நேரத்துக்கு மருந்து போனால் பெரும்பாலும் முழுதாக மாறும்.

முல்லைத்தீவு, இரண்டு பிள்ளைகளின் தாய்:
எனக்கு எரிவே வரவில்லை. ஆறாம் மாதம், நாரி நோவு வயிற்றுப் பிள்ளையால் என்றுதான் நினைத்தேன். இரவு நடுங்கத் தொடங்கியதும் மாமி ஓட்டோ பிடித்தார். கர்ப்பப்பை பெருத்து, சிறுநீரகத்திலிருந்து வருகிற குழாயை அமத்துவதால் சலம் தேங்கும், வலப்பக்கம் கூட என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கிளினிக்கில் சலம் எடுத்து வரச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள், நான் ஒருமுறை அப்படி விட்டவள்.

இரணைமடுப் பக்கத்து வயல்காரி:
நன்றி அக்கா. இந்தமுறை வரம்போரம் நாலு தடி நட்டு, பழைய தறப்பாளைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் எல்லாருமாகப் போய்வருகிறோம், தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோகிறோம். ஆனால் போன மாதமும் ஒருக்கால் லேசாக எரிந்தது. ஐம்பது தாண்டி மாதவிலக்கும் நின்றுவிட்டது, அதனாலும் வருமா என்று கிளினிக்கில் கேட்க இருக்கிறேன். சலம் கொடுத்துவிட்டுத்தான் குளிசை எடுப்பேன்.