மெடிக்கல் கடை நேரம் மாத்திட்டாங்க, டெலிவரியும் இல்லையாம். என்ன செய்ய? (மதுரை)

திருநகர்_தம்பி | சனி இரவு 8.40
அவசரம். நாங்க எப்போதும் வாங்குற பசுமலை மெடிக்கலில் புதுசா போர்டு தொங்குது. நேரம் மாத்திட்டாங்க, டெலிவரியும் குறைச்சிட்டாங்க. அம்மாவுக்கு ஊசி மருந்து முடியப்போகுது. இத்தனை வருஷமா பையன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான், இப்போ கேட்டா வராதுங்கிறான். வேறு கடையில் வாங்கலாமா? யாராவது சொல்லுங்க.

மல்லி_அக்கா | 8.52
என்ன ஊசி தம்பி? எவ்வளவு மிச்சம் இருக்கு? போர்டில் என்ன எழுதியிருக்கு? ஒன்றுமே சொல்லாமல் என்ன செய்யன்னா நாங்க என்ன சொல்ல?

ஆரப்பாளையம்_குமார் | 8.55
மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிஞ்சு வைங்க. 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பிச்ச திட்டம். எங்க அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் வீட்டுக்கே வருது. மெடிக்கல் பக்கமே போறதில்லை.

மல்லி_அக்கா | 8.57
குமார், அவர் கேட்டது ஊசி. அதுவும் இன்றைக்கு.

நேர்மை_நாதன் | 9.03
போர்டைப் படிக்கத் தெரிந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. கடைக்காரர் தெளிவாக எழுதித்தான் வைத்திருப்பார். நம் மக்கள் நின்று படிக்க மாட்டார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு வந்து இங்கே புலம்புவார்கள். போர்டில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்யவும்.

திருநகர்_தம்பி | 9.20
போட்டோ எடுத்திருந்தேன், பார்த்து எழுதுறேன்:
"1ஆம் தேதி முதல் காலை 8.30 – 1.30, மாலை 4.30 – 9.30. ஞாயிறு காலை மட்டும். வீட்டு டெலிவரி 3 கி.மீ.க்குள் மட்டும், மாலை 6 மணிக்குள் சொன்னால் அன்றே. ஃபிரிட்ஜ் மருந்து, சீட்டு மருந்து கடையில் மட்டும்."
ஊசி இன்சுலின், 30/70, பாட்டில். காலை 20, ராத்திரி 12. வீடு திருநகர் 3வது ஸ்டாப் தாண்டி உள்ளே. வண்டி மீட்டரில் 3.4 காட்டுது. எவ்வளவு மிச்சம்னு தெரியலை, அரைக்கும் கீழே.

வைகைக்கரையான் | 9.26
3 கி.மீ.ன்னா நேர்கோட்டில் பார்ப்பாங்களா, ரோட்டு வழியா பார்ப்பாங்களா? நேர்கோட்டில் பார்த்தா நீங்க உள்ளேதான் வருவீங்க. சண்டை போடுங்க. அதுவும் இல்லாமல் திருநகரை ஏதோ வெளியூர் மாதிரி ஒதுக்குறாங்க.

சிம்மக்கல்_ராஜா | 9.31
திருநகர் வெளியூர்தானே :) மதுரைன்னா நாலு மாசி வீதி, அதுக்கு வெளியே எல்லாம் பக்கத்து ஊரு.

வைகைக்கரையான் | 9.34
2011லேயே மாநகராட்சி 72 வார்டு 100 வார்டு ஆனபோது சேர்ந்தாச்சு அண்ணே. வீட்டு வரி அங்கேதான் கட்டுறோம். மாசி வீதியில் வண்டி நிறுத்த இடம் கிடைச்சா வந்து பேசுறேன்.

சிம்மக்கல்_ராஜா | 9.36
வரி கட்டுறவன் எல்லாம் மதுரைக்காரனா

கடைக்காரன்42 | 9.48
வார்டு சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். நான் 19 வருஷமா பார்மசிஸ்ட், அந்தக் கடை இல்லை. போர்டின் கடைசி வரிதான் உங்களுக்குப் பிரச்சினை, 3 கி.மீ. இல்லை. நீங்க கடைக்கு எதிர்வீட்டில் இருந்தாலும் இன்சுலினை அனுப்ப மாட்டாங்க. வெயிலில் டெலிவரி பெட்டி எப்படிக் கொதிக்கும்னு பையன்கிட்ட கேளுங்க, நாலு வீடு சுத்திவிட்டு உங்க வீட்டுக்கு வரும்போது என்ன ஆகியிருக்கும்னு கடைக்காரருக்கே தெரியாது. சீட்டு மருந்தைக் கடையில் மட்டும்னு போட்டதும், மத்தியானம் மூடுறதும் ஒரே காரணமாகத்தான் இருக்கும். 1945 மருந்து விதிப்படி டாக்டர் சீட்டு மருந்தைப் பார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் கொடுக்கணும், ஒரே ஒரு பார்மசிஸ்ட் வச்சிருக்கிற கடை அவர் சாப்பிடப் போனால் மூடித்தான் ஆகணும். அம்மா வரத் தேவையில்லை, சீட்டோடு நீங்க போனால் போதும்.

இப்போ அவசரத்துக்கு வருவோம். பாட்டிலை என்றைக்கு உடைச்சீங்க?

திருநகர்_தம்பி | 9.55
போன வாரம் வியாழக்கிழமை காலையில். இன்றைக்கு ராத்திரி ஊசி போட்டாச்சு.

கடைக்காரன்42 | 10.06
அப்போ இன்றோடு 10 நாள். பாட்டிலில் 40ன்னு போட்டிருக்கும், பாருங்க. ஒரு மி.லி.க்கு 40 யூனிட், 10 மி.லி. பாட்டிலில் மொத்தம் 400. ஒரு நாளைக்கு 32 வீதம் 320 போயாச்சு. மீதி 80, காற்றுக்குமிழி தட்டுறதில் கொஞ்சம் வீணாகியிருக்கும். ஞாயிறும் திங்களும் தாங்கும். செவ்வாய் காலை 20 யூனிட் இழுக்க வராது. ஆக இன்றைக்கு ராத்திரி ஓடவேண்டியதில்லை, நாளைக் காலை 1.30க்குள் அல்லது திங்களன்று வாங்கினால் சரி.

ஒரு பாட்டில் வாங்காதீங்க. மாசத்துக்கு 960 யூனிட், அதாவது இரண்டரை பாட்டில். மூணு வாங்கி, உடைக்காததை ஃபிரிட்ஜில் வையுங்க. எக்ஸ்பைரி பார்த்து வாங்குங்க.

மல்லி_அக்கா | 10.11
ஃபிரிட்ஜில் இருந்து வெளியே எடுத்த இன்சுலின் விஷம்னு எங்க நர்ஸ் சொல்லுவாங்க. கடையில் இருந்து வீடு வரும்வரை ஐஸ் கட்டியிலேயே வைக்கணும் தம்பி.

கடைக்காரன்42 | 10.20
அக்கா, பாதி சரி. உடைக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்கணும், உண்மை. ஆனால் உடைச்ச பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால் வெளியில் சுமார் நாலு வாரம் தாங்கும். வெயிலைவிட ஐஸ் மோசம், இன்சுலின் உறைஞ்சால் குப்பைக்குத்தான். ஃபிரீசர் பக்கத்தில் ஒட்டி வைக்கவே கூடாது, கதவுத் தட்டுதான் நல்லது. பசுமலையில் இருந்து அவர் கொண்டுவர பத்து நிமிஷம், துணியில் சுத்திப் பையில் போட்டால் போதும், வண்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீங்க. உள்ளங்கையில் உருட்டிப் பாருங்க, 30/70 பால் மாதிரி ஒரே சீராக வரணும். திட்டுத் திட்டாக மிதந்தாலோ கண்ணாடியில் பொரி மாதிரி ஒட்டினாலோ போடாதீங்க.

உசிலை_மாமா | 10.33
எங்க ஆத்தா கரண்ட் இல்லாத காலத்தில் மண்பானைத் தண்ணிக்குள்ள டப்பா மிதக்கவிட்டு வச்சிருந்தது. ஒன்னும் ஆகலை.

நேர்மை_நாதன் | 10.36
மாமா கதைகளை நம்பி மருந்து வைத்தால் அப்புறம் மாமாவைத்தான் கூப்பிட வேண்டும். இவ்வளவு பேச்சு எதற்கு? செயலியில் ஆர்டர் போட்டால் எல்லாம் வருகிறது.

கடைக்காரன்42 | 10.50
உசிலை மாமா சொன்னது ஈரப் பானை முறை, வெயில் காலத்தில் கைகொடுக்கும். நாதன் சார், செயலியில் போட்டாலும் யாரோ ஒருத்தர் பெட்டியில்தான் வரணும்.

தம்பி, வேறு கடைன்னு கேட்டீங்களே, அதுதான் முக்கியம். பேர் சொல்லி வாங்காதீங்க, பழைய பாட்டிலைக் கையில் கொண்டு போங்க. சில இன்சுலின் 100 பலத்தில் வரும். உங்க வீட்டில் இருப்பது 40 சிரிஞ்சாகத்தான் இருக்கும், மூடி சிவப்பு. அதில் 100 மருந்தை 20 கோடு வரை இழுத்தால் அம்மாவுக்கு 20 இல்லை, 50 யூனிட் ஏறும். சுகர் தடாலென்று இறங்கும். 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு.

வைகைக்கரையான் | 10.54
ஆமா, 3 கி.மீ. நேர்கோடா ரோடான்னு யாருமே சொல்லலை

கடைக்காரன்42 | 10.57
கடைக்காரரைத்தான் கேட்கணும். நானா இருந்தா பையன் வண்டி மீட்டர்தான்.

திருநகர்_தம்பி | ஞாயிறு பகல் 12.15
வாங்கியாச்சு. மூணு கேட்டேன், ரெண்டுதான் இருந்துச்சு, 40தான். சிரிஞ்சும் சிவப்பு மூடி. டெலிவரி 2வது ஸ்டாப் வரைக்குமாம், எங்க தெரு இல்லை. அந்தக் கடைசி வரி எதுக்குன்னு கேட்டேன், மே மாசம் ரெண்டு தடவை சூடா திரும்பி வந்துச்சாம். நன்றி அண்ணே.

மல்லி_அக்கா | 12.40
ஃபிரிட்ஜில் வச்சீங்களா? கதவுத் தட்டிலேயா?

மல்லி_அக்கா | மாலை 6.05
தம்பி?