கடை பிரின்டருக்கு மெயிலில் பிரின்ட்: ராத்திரியில் யாரோ அனுப்பிய பக்கங்கள், வெளியே வராத ஆதார்

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்
வேலூர் சிஎம்சி பக்கத்துல ஜெராக்ஸ் கடை. எப்சன் இங்க் டேங்க் பிரின்டர், எப்சன் கனெக்ட்டில் பதிவு பண்ணியிருக்கோம். அதோட மெயில் முகவரியைப் பெருசா எழுதி கவுன்டரில் ஒட்டிட்டோம். லாட்ஜில தங்கியிருக்கறவங்க அங்கிருந்தே ரிப்போர்ட்டை அனுப்புவாங்க, வந்து வாங்கிப்பாங்க. இப்ப ரெண்டு தொல்லை. காலையில கடை திறந்தா ட்ரேயில 15, 20 பக்கம் விளம்பரக் குப்பை கிடக்குது. இன்னொண்ணு, ஆதார் பிடிஎஃப் அனுப்பினா மட்டும் வர்றதே இல்ல. பிரின்டர் கெட்டுப்போச்சா?

காட்பாடி_நெட்வொர்க்
பிரின்டர் நல்லாத்தான் இருக்கு. இந்த முறைல மெயில் முகவரிதான் சாவி. அது தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் உங்க பேப்பர்ல, உங்க இங்க்ல அடிக்கலாம். நீங்க சாவியைச் சுவத்துல மாட்டிட்டீங்க. எப்சன் கனெக்ட் பக்கத்துல உள்ளே போய் முதல்ல பிரின்டரோட முகவரியை மாத்துங்க. கடைப் பேரைப் போடாதீங்க, ஊகிக்க முடியாத எழுத்துகளா வைங்க. அப்புறம் Approved Senders பகுதியில, பட்டியல்ல இருக்கறவங்க மட்டும் அனுப்பலாம்னு வைங்க.

ஆற்காடு_மணி
எதுக்கு அவ்வளவு வேலை? ராத்திரி வைஃபையை அணைச்சிட்டுப் போங்க, முடிஞ்சது.

காட்பாடி_நெட்வொர்க்
மணி சார், பாதி சரி. ராத்திரி அடிக்காது. ஆனா மெயில் நேரா பிரின்டருக்கு வர்றதில்ல, கம்பெனி சர்வர்ல வரிசையில நிக்கும். காலையில வைஃபை போட்டதும் வந்து கொட்டும். பார்க்கிறதுக்கு ஆள் இருப்பாங்க, அவ்வளவுதான் லாபம்.

சத்துவாச்சாரி_டீச்சர்
எனக்கு ஃபோன்ல பிரின்டரே தெரிய மாட்டேங்குது. அதுவும் இதனாலயா?

காட்பாடி_நெட்வொர்க்
அது வேற விஷயம் மேடம். ஃபோனும் பிரின்டரும் ஒரே வைஃபைல இருக்கான்னு பாருங்க. மெயில் பிரின்டுக்கு அந்தத் தேவை இல்ல, பிரின்டர் நெட்டுல இருந்தாப் போதும்.

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்
ஆனா என் கஸ்டமர் தினம் புதுசா வர்றவங்க. கொல்கத்தாலருந்து, அசாம்லருந்து. யாரை லிஸ்ட்ல சேர்க்கிறது?

ராணிப்பேட்டை_டெக்
கடைக்கு ஒரு ஜிமெயில் வைங்க, அதுல ஆட்டோ ஃபார்வர்டு போட்டு பிரின்டருக்குத் திருப்பி விடுங்க.

காட்பாடி_நெட்வொர்க்
ஜிமெயில் வைக்கிறது சரி, ஆட்டோ ஃபார்வர்டு வேலைக்காகாது. ரெண்டு காரணம். தானாத் திருப்பின மெயில்ல From இடத்துல கஸ்டமர் முகவரியேதான் நிக்கும், லிஸ்ட்ல இல்லாததால நின்னுடும். லிஸ்டைத் திறந்து விட்டா பழைய குப்பைதான். அதோட, ஆட்டோ ஃபார்வர்டு போட அந்த முகவரிக்கு ஜிமெயில் ஒரு உறுதிப்படுத்தும் எண் அனுப்பும். பிரின்டருக்கு இன்பாக்ஸ் ஏது? அந்த மெயிலே பேப்பர்ல அடிச்சு வந்தாத்தான் எண் தெரியும், லிஸ்ட் பூட்டியிருந்தா அதுவும் வராது.

கவுன்டர்ல ஜிமெயில் முகவரியை மட்டும் எழுதுங்க. வர்ற மெயிலைப் பார்த்து, கையால ஃபார்வர்டு பண்ணுங்க. அப்ப From உங்களுது ஆயிடும், லிஸ்ட்ல ஒரே பேர் போதும். பக்கம் எத்தனைன்னு முன்னாடியே எண்ணிக் காசும் சொல்லிடலாம்.

ஒரு எச்சரிக்கை. லிஸ்டை முழுசா நம்பாதீங்க. மெயில்ல From பேரைப் போலியாப் போட முடியும். அதனாலதான் பிரின்டர் முகவரி ரகசியமா இருக்கணும்னு சொல்றேன்.

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்
சரிங்க. ஆதார்?

காட்பாடி_நெட்வொர்க்
இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு போட்டது. பேரோட முதல் 4 எழுத்து கேபிடல்ல, பிறகு பிறந்த வருஷம். SURESH KUMAR, 1990ன்னா `SURE1990`. சர்வருக்கு அதைத் தட்ட ஆள் இல்ல, திறக்க முடியாம விட்டுடும். வேற பூட்டின பிடிஎஃப்பும் இப்படித்தான். கஸ்டமரே பாஸ்வேர்டைத் தட்டி குரோம்ல திறந்து, பிரின்ட் போய் Save as PDFன்னு சேமிச்சா பூட்டில்லாத நகல் கிடைக்கும்.

வாலாஜா_வக்கீல்
அந்தப் பூட்டில்லாத நகலை மெயில்ல அனுப்பச் சொல்றீங்களா? அது அவங்க Sent பெட்டியில ஒண்ணு, உங்க ஜிமெயில்ல ரெண்டு, சர்வர் வழியா ஒண்ணு. கடைசியில ட்ரேயில மல்லாந்து கிடக்கும், அடுத்த ஆள் எடுத்துப் பார்க்கலாம். மாஸ்க்டு ஆதார் கேளுங்க, அதுல கடைசி 4 எண்தான் தெரியும். முழு எண்தான் வேணும்னா கடைக்கு வரச் சொல்லி, அவங்க ஃபோன்லருந்தே கடை வைஃபைல அடிங்க.

காட்பாடி_நெட்வொர்க்
ஒத்துக்கிறேன், ஆதார் விஷயத்துல அதுதான் சரி. ஆனா கடை வைஃபையை வர்றவங்களுக்கெல்லாம் கொடுக்காதீங்க. ஃபோன் நேரா பிரின்டரோட சேர்ற வைஃபை டைரக்ட் பிரின்டர்ல இருந்தா அதைக் கொடுங்க, அதோட பாஸ்வேர்டையும் அப்பப்ப மாத்துங்க.

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்
முகவரி மாத்தியாச்சு, லிஸ்ட்ல கடை ஜிமெயில் மட்டும். தம்பி ஃபோன்லருந்து அனுப்பிப் பார்த்தேன், வரலை. கடை ஜிமெயில்லருந்து அனுப்பினது வந்துடுச்சு. ஸ்கேன் ரிப்போர்ட் மெயில் எல்லாம் இன்பாக்ஸ்ல சேருதே, அதை எத்தனை நாள் வைக்கலாம்?

வாலாஜா_வக்கீல்
வைக்கவே வேணாம். அடிச்சு, காசு வாங்கினதும் அழிங்க. Sentலயும் Trashலயும் சேர்த்து.

ஆற்காடு_மணி
மறுநாள் வந்து "இன்னொரு காப்பி"ம்பாங்க சார். நான் ஒரு வாரம் வைப்பேன்.